ஜாடியில் ஒரு மாடு, கையில் ஒரு மாடு

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு 86 வயது. 1991 தீபாவளிக்கு முன்னால் இரண்டு கறவை மாடுகளை, ஒன்று 5,000 ரூபாய் என்று விற்றிருக்கிறார். ஒரு மாட்டுப் பணத்தில் ஒன்றரைப் பவுனில் வளையல் எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். இன்னொரு மாட்டுப் பணத்தை யாருக்கும் சொல்லாமல் ஊறுகாய் ஜாடியில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். போன மாதம் வெள்ளையடிக்கும்போது ஜாடி கிடைத்தது. உள்ளே முப்பது நூறு ரூபாய் நோட்டும் நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டும் இருந்தன. ஜாடி, வளையல் இரண்டையும் எனக்கே கொடுத்துவிட்டார். "பாத்தியா, பணமா வச்சது மண்ணாப் போச்சு, தங்கமா வச்சது பொன்னா நிக்குது. பேங்க்ல சும்மா கிடக்கிற உன் மூணு லட்சத்தையும் நகையா எடுத்துப் போடு" என்கிறார் என் அண்ணன். செய்யலாமா? அந்தப் பழைய நோட்டுகள் செல்லுமா?
வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: முதலில் நோட்டு விஷயத்தை முடித்துவிடுவோம். நான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் 2016 நவம்பர் 8 இரவோடு காகிதமாகிவிட்டன. மாற்றுவதற்குக் கொடுத்த கெடுவெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது எந்த வங்கியும் வாங்காது, "கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள். செல்லாத நோட்டுகளை மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருப்பது 2017-ல் வந்த சட்டப்படி குற்றம். உங்களிடம் நான்குதான், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நூறு ரூபாய் நோட்டுகள் முப்பதும் செல்லும். பின்பக்கம் அச்சிட்ட ஆண்டு இல்லாத பழைய வரிசை என்பதால் கடைக்காரர் தயங்குவார், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம், நேரே உங்கள் வங்கிக் கணக்கில் கட்டுங்கள். ஓரம் பூச்சி அரித்திருந்தால் டேப் ஒட்டாமல் அப்படியே எடுத்துப் போங்கள். நோட்டின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஆக, ஜாடியில் மிஞ்சியது 3,000 ரூபாய். போன 2,000 ரூபாய் பணவீக்கத்தின் கணக்கில் சேராது, அது பணமதிப்பிழப்பு எடுத்துக்கொண்டது. அதை ஒதுக்கிவைத்து, ஜாடியில் 5,000 ரூபாய் முழுசாக இருப்பதாகவே எடுத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்போம்.

உங்கள் அப்பத்தா தமக்குத் தெரியாமலே அருமையான ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறார். ஒரே நாள், ஒரே தொகை, இரண்டு இடம். என்னிடம் வருகிறவர்களுக்குப் பணவீக்கத்தை விளக்க நானே ஜோடித்தாலும் இவ்வளவு சுத்தமாக ஒரு கதை அமையாது. ஆனால் உங்கள் அண்ணன் கதையின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறார். நடுவில் நடந்ததையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஜாடி. வருமான வரித்துறை, சொத்து விற்பவர்களுக்காக ஆண்டுதோறும் ஒரு விலைக் குறியீட்டு எண் வெளியிடுகிறது. அதன்படி 1991-92-ல் 199. 2001-02-ல் 426. அந்த 426-ஐ 100 என்று மாற்றிப் புதிதாக எண்ண ஆரம்பித்தார்கள், 2025-26-ல் அது 376. இரண்டையும் கோத்துப் பார்த்தால் 34 ஆண்டில் விலைவாசி சுமார் 8 மடங்கு. இந்த எண்ணை விலை உயர்வில் முக்கால் பங்கை மட்டும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அதனால் உண்மையான ஏற்றம் 8 மடங்குக்கும் மேலேதான் இருக்கும். நாம் எட்டோடு நிறுத்திக்கொள்வோம்.

எட்டு மடங்கு என்றால், அன்று 5,000 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க இன்று 40,000 வேண்டும். நீங்களே மாட்டுச் சந்தையில் விசாரித்துப் பாருங்கள், நல்ல கறவை மாடு அதற்குக் குறைந்து கிடைக்கிறதா என்று. ஜாடி பரண் ஏறிய அன்று அதற்குள் முழுசாக ஒரு மாடு இருந்தது. இன்று அதில் செல்லக்கூடிய 3,000 ரூபாயைக் கொண்டுபோனால் மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம் இரண்டு மூட்டை வரும். நோட்டு ஒன்றுகூடத் திருடு போகவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அப்பத்தா எப்போது இறக்கி எண்ணியிருந்தாலும் தொகை சரியாகவே இருந்திருக்கும், அதனால் ஏதோ குறைகிறது என்ற சந்தேகமே அவருக்கு வந்திருக்காது.

பணம் இப்படிக் கரைவது ஆண்டுக்கு ஆண்டு ஒரே சீராக நடக்கவில்லை. சராசரி ஆண்டுக்கு ஆறு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், அந்த வேகத்தில் காசின் வாங்கும் சக்தி ஏறக்குறைய பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். ஆனால் அப்பத்தா பணத்தை வைத்த நேரம் மோசமான நேரம். 1991-ல்தான் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்து, ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள், விலைவாசி ஏற்றம் 13 சதவீதத்தைத் தாண்டியது. அந்த வேகத்தில் ஜாடிப் பணம் முதல் ஒரு வருடத்திலேயே எட்டில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். பத்தாண்டு முடிவில், அதே குறியீட்டுப்படி, பாதிக்கும் குறைவுதான் மிச்சம்.

இப்போது வளையல். அதன் இன்றைய மதிப்பைப் பவுன் விலையை ஒன்றரையால் பெருக்கிச் சொல்லிவிடுவது எல்லாரும் செய்யும் தப்பு. கடையில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஆபரணத் தங்கம் பவுன் 1 லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். நீங்கள் விற்கும் நாளில் வேறு விலை இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை இதேதான். பெருக்கினால் 1,50,000 வருகிறது. ஆனால் 34 ஆண்டாகக் கையிலேயே கிடந்த வளையல் தேயும். பாத்திரம் தேய்க்கும்போதும் களத்தில் வேலை செய்யும்போதும் உரசிய உரசலில் 12 கிராம் என்பது 11.7 கிராம் ஆகியிருக்கலாம். அடுத்தது தரம். அந்தக் காலத்து நகைக்கு ஹால்மார்க் கிடையாது, இங்கே தங்கத்துக்கு அந்த முத்திரை வந்ததே 2000-ல்தான். ஆசாரி 22 காரட் என்று சொல்லிச் செய்திருப்பார். ஆனால் இணைப்புகளைப் பற்றவைக்கச் சேர்த்த பொடி எல்லாம் சேர்ந்து உருகும்போது, நூற்றுக்கு 91.6 பங்கு சுத்தத் தங்கம் நிற்க வேண்டிய இடத்தில் 87 நிற்பது சாதாரணம். ஆக உள்ளே இருக்கும் சுத்தத் தங்கம் 10.2 கிராமை ஒட்டி. பவுன் 1 லட்சம் என்றால் சுத்தத் தங்கம் கிராம் 13,600-ஐ ஒட்டி வரும், பெருக்கினால் சுமார் 1,38,800. கடைக்காரர் இரண்டு சதவீதம் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 1,36,000. பெருக்கல் கணக்குக்கும் கைக்கு வரும் காசுக்கும் நடுவே 14,000 ரூபாய் காணாமல் போயிற்று, கவனித்தீர்களா? வாங்கும்போது கொடுத்த 5,000-த்தில் செய்கூலி, சேதாரம் என்று போன சில நூறும் திரும்பாது.

அத்தனையும் போக, 5,000 ரூபாய் 27 மடங்கு ஆகியிருக்கிறது, விலைவாசி ஏறியது 8 மடங்குதான். ஒரு மாட்டுக்கு வாங்கிய வளையல் இன்று மூன்று மாடு வாங்கும். இதுவரைக்கும் உங்கள் அண்ணன் சொல்வது சரி.

இப்போது நடுப்பக்கத்துக்குப் போவோம். 2002-ல் உங்கள் வீட்டில் ஒரு கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்து, அப்பத்தா வளையலைக் கழற்றியிருந்தால்? அந்த ஆண்டு சுத்தத் தங்கம் 10 கிராம் சராசரியாக 5,000 ரூபாய் சுற்றித்தான் விற்றது. வளையலுக்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் கிடைத்திருக்கும். ஜாடியைத் திறந்தாலும் 5,000. பதினோரு ஆண்டு கழித்துத் தங்கமும் காகிதமும் ஒரே இடத்தில் நிற்கின்றன, விலைவாசியோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஒரு வருடம் முன்னால், 2001-ல் விற்றிருந்தால் இன்னும் கேவலம். அப்போது தங்கம் 10 கிராம் 4,300-ஐ ஒட்டி இருந்தது, 1996-ல் இருந்த விலையைவிடவும் குறைவு. வளையல் போட்ட காசைக்கூடத் தந்திருக்காது, ஜாடிதான் ஜெயித்திருக்கும். அன்று உங்கள் அண்ணன் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இந்தக் கதையில் வராத மூன்றாவது மாடு ஒன்று உண்டு. அந்த நாளில் அஞ்சலகத்தில் கிசான் விகாஸ் பத்திரம் இருந்தது, போட்ட பணம் ஐந்தரை ஆண்டில் இரட்டிப்பு. அப்பத்தா ஜாடிப் பணத்தை அதில் போட்டிருந்தால் 1997 நடுவில் 10,000. அதையே மறுபடி போட்டிருந்தால் 2002 முடிவில் 20,000. ஜாடியும் வளையலும் ஐயாயிரத்தில் நிற்கும்போது அஞ்சலகப் பத்திரம் நான்கு மாட்டுப் பணமாக இருந்திருக்கும். விலை ஏற்றத்தைக் கழித்தாலும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மாடு. பிற்பாடு வட்டி குறைந்துகொண்டே வந்தது, இரட்டிப்பாவதற்கு ஏழரை, எட்டரை ஆண்டு என்று நீண்டது, இப்போது 115 மாதம். அப்படியும் முதிர முதிர விடாமல் திரும்பப் போட்டுக்கொண்டே வந்திருந்தால் இன்று 1.3 லட்சத்தை ஒட்டி நிற்கும் என்பது என் கணக்கு. அதாவது வளையலுக்குக் கிட்டத்தட்ட சமம். பவுன் விலை 45,000-ஐ ஒட்டி இருந்த 2023-ல் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் வளையலுக்கு 61,000, பத்திரத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். தங்கம் ஓட்டத்தின் பெரும்பகுதியை இந்தக் கடைசி இரண்டு மூன்று ஆண்டில்தான் ஓடியிருக்கிறது.

அதனால் இந்தச் சோதனையில் தோற்றது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, வட்டி வராத பணம்தான் தோற்றது. ஜெயித்தது எது என்பது மட்டும் நீங்கள் எந்த ஆண்டில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தங்கம் தூங்கினால் பத்தாண்டு தூங்கும், 2012-லிருந்து 2015 வரை இறங்கவும் செய்தது. அதற்கு வட்டி கிடையாது, வாங்க அடுத்தவர் கூடுதல் விலை கொடுத்தால்தான் உங்களுக்கு லாபம். நெடுநாள் வைத்திருக்க முடிந்தவர்களுக்கு, அவசரத்துக்கு விற்க வேண்டிய கட்டாயம் வராதவர்களுக்கு, ரூபாயின் மதிப்பு சரிவதிலிருந்து அது ஒரு காப்பு. அப்பத்தாவுக்கு அது வாய்த்தது, அவர் விற்கவே இல்லை என்பதால்.

அப்பத்தாவை யாரும் குறை சொல்ல வேண்டாம் என்றும் ஒரு வார்த்தை. 1991-ல் ஒரு கிராமத்துப் பெண்மணி தன் பெயரில் அஞ்சலகத்தில் பணம் போட வேண்டுமென்றால் யாரையாவது துணைக்குக் கூப்பிட வேண்டும், கூப்பிட்டால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தால் அது அவர் பணமாக இருக்காது. சிறுவாட்டுப் பணத்தின் உபயோகமே யாரையும் கேட்காமல் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எடுக்க முடிவதுதான். அந்த வசதிக்கு அவர் கொடுத்த விலை ஒரு மாட்டில் எட்டில் ஏழு பங்கு. விலை அதிகம்தான், ஆனால் அவர் எதையோ வாங்கினார்.

உங்கள் மூன்று லட்சத்துக்கு வருவோம். அதுவும் ஒரு ஜாடிதான், மூடி கொஞ்சம் நல்ல மூடி. பெரிய வங்கிகளில் சேமிப்புக் கணக்கு வட்டி இப்போது இரண்டரை, மூன்று சதவீதம் சுற்றித்தான். விலைவாசி ஏற்றம் 2022-23-ல் 6.7, அடுத்த ஆண்டு 5.4, அதற்கடுத்த ஆண்டு 4.6. 2025-ல் அது நன்றாக இறங்கியது உண்மை, அந்த ஆண்டு உங்கள் பணம் கரையவில்லை. அதையே நிரந்தரம் என்று நம்ப மாட்டேன். விலைவாசி 5, வட்டி இரண்டரை என்று வைத்தால் மூன்று லட்சத்தில் ஆண்டுக்கு 7,500 ரூபாய்ப் பலம் குறையும். பாஸ்புக்கில் தொகை ஏறிக்கொண்டே இருப்பதால் ஜாடியைவிட இதில் ஏமாறுவது சுலபம்.

இதை முழுவதும் நகையாக மாற்றினால், கடையை விட்டு வெளியே வரும்போதே செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி என்று பத்திலிருந்து பதினைந்து சதவீதம் போய்விடும். மூன்று லட்சத்தில் முப்பதாயிரம் முதல் நாற்பத்தைந்தாயிரம். சேமிப்புக் கணக்கில் நாலிலிருந்து ஆறு ஆண்டில் கரைவதை ஒரே மாலையில் கரைத்துவிட்டு, அதைத் தங்கம் ஏறி ஈடுகட்டட்டும் என்று காத்திருக்க வேண்டும். போட்டுக்கொள்ள ஆசையிருந்தால் நகை வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. அதைச் சேமிப்பு என்று எழுதாதீர்கள்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். உங்கள் வீட்டுச் செலவு மாதம் 20,000 என்று எடுத்துக்கொண்டால், ஐந்து மாதச் செலவான ஒரு லட்சத்தைத் தொட்டால் வரும் இடத்தில் வைப்பேன். அதிலும் முப்பதாயிரம் மட்டும் சேமிப்புக் கணக்கில், மீதியைத் தேவைப்பட்டால் தானாக உடைந்து கணக்குக்கு வரும் வைப்புநிதியில் போடுவேன், வங்கியில் "ஆட்டோ ஸ்வீப்" என்று கேளுங்கள். அடுத்த ஒன்றரை லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ ஒரே நாளில் முதிராதபடி மூன்று ரசீதாக, ஒன்று, இரண்டு, மூன்று ஆண்டுக்குப் பிரித்துப் போடுவேன். வட்டி ஏறினால் முதலில் முதிர்வதை உயர்ந்த வட்டியில் திருப்பிப் போடலாம். பாக்கி ஐம்பதாயிரத்தில் தங்கம் வேண்டுமென்றால் தங்க விலையோடு சேர்ந்து ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் விற்கும் தங்க ஈடிஎஃப் மாதாமாதம் கொஞ்சமாக வாங்கலாம், அதற்கு டீமேட் கணக்கு தேவை. சேதாரமும் இல்லை, பூட்டிவைக்கும் கவலையும் இல்லை. அரசின் தங்கப் பத்திரம் நல்ல திட்டமாக இருந்தது, 2024 பிப்ரவரிக்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை. பத்தாண்டுக்குத் தொட வேண்டியிராத பணம் உண்டென்றால் பங்குச் சந்தைப் பரஸ்பர நிதியைப் பற்றித் தனியாக எழுதிக் கேளுங்கள், இந்த மூன்று லட்சத்தில் அதற்கு இடமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வளையலை இப்போது விற்க ஒரு காரணமும் உங்கள் கடிதத்தில் இல்லை. அப்பத்தா பேத்திக்குக் கொடுத்ததால் உங்களுக்கு வரி வராது. என்றாவது விற்றால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக வைத்து, அதற்கு மேல் வரும் லாபத்துக்கு 12.5 சதவீதம் வரி. அன்றைய விலை அவ்வளவு தாழ்ந்து கிடந்ததால் லாபம் பெரிதாகத் தெரியும், திகைக்க வேண்டாம். அதற்கு முன் பக்கத்து ஊர் ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணத்தில் தரம் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் முதலில் எடை போட்டு, எடையையும் அன்றைய கிராம் விலையையும் சீட்டில் எழுதி வாங்கிய பிறகே உருக்க விடுங்கள், உருக்குவதும் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். உருக்கிய கட்டியின் தரம் மையத்தில் சொன்னதற்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள்.